குடுவைக்குள் இப்போது என்ன இருக்கிறது? தாங்கற் கரைசல் கணக்கில் நான் விட்ட பிழை

உயர்தரத்துக்கு முதல் தடவை தோற்றுவதற்குச் சில மாதங்கள் முன்னர், வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டிடத்தில் நடந்த வகுப்பில் சேர் ஒரு கணக்குத் தந்தார். 0.20 mol dm⁻³ அசற்றிக் அமிலம் 25 cm³ இருக்கிறது. அதனுள் 0.10 mol dm⁻³ சோடியம் ஐதரொட்சைட்டு 25 cm³ சேர்க்கப்படுகிறது. pH என்ன? Ka = 1.8 × 10⁻⁵.

நான் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன். அமிலத்தில் பாதி நடுநிலையாகிவிட்டது, மிஞ்சியது 0.0025 mol, மொத்தக் கனவளவு 50 cm³, ஆகவே செறிவு 0.05. மென்னமிலம்தானே, √(Ka × C) போட்டால் 9.5 × 10⁻⁴ வரும், pH 3.02. பக்கத்தில் இருந்தவனும் அதையேதான் எழுதியிருந்தான், அதனால் எனக்கு இன்னும் நம்பிக்கை கூடிவிட்டது.

சேர் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உம்மட குடுவைக்குள்ள இப்ப என்னென்ன இருக்கு?"

"மிஞ்சின அமிலம், சேர்."

"நடுநிலையான பாதி எங்க போச்சு? ஆவியாப் போச்சா?"

அதுதான் என் பிழை. அந்தப் பாதி சோடியம் அசற்றேற்றாக அதே குடுவைக்குள்தான் கிடக்கிறது. 0.0025 mol அமிலமும் 0.0025 mol அசற்றேற்று அயனும் ஒன்றாக நிற்கின்றன. இரண்டும் சமம் என்பதால் [H⁺] = Ka, pH = pKa = 4.74. என் விடையோ 3.02. கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் அலகு வித்தியாசம், அதாவது ஐதரசன் அயன் செறிவை ஐம்பது மடங்குக்கு மேல் கூட்டிச் சொல்லியிருக்கிறேன்.

√(Ka × C) எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அதை எங்கே போடக்கூடாது என்பதும் தெரிந்துவிடும். மாறிலியின் கோவை இதுதான்:

Ka = [H⁺][A⁻] / [HA]

தனி அமிலத்தை நீரில் விட்டால், ஒரு மூலக்கூறு பிரியும்போது ஒரு H⁺ உம் ஒரு A⁻ உம் சேர்ந்தே பிறக்கின்றன. ஆகவே [H⁺] = [A⁻]. மேலே வர்க்கம் வருவது அதனால்தான். வெளியிலிருந்தோ தாக்கத்தாலோ அசற்றேற்று வந்து சேர்ந்தால் அந்தச் சமன் முறிந்துவிடும். A⁻ மலையாகக் குவிந்திருக்க, H⁺ கடுகளவுதான் இருக்கும். அந்த அசற்றேற்றே அமிலத்தின் பிரிகையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அப்போது வர்க்கமூலம் செல்லாது. கோவையில் இரண்டு செறிவுகளையும் நேரே போட வேண்டியதுதான். என்டர்சன் சமன்பாடு என்று நாங்கள் பாடமாக்குவதும் இதே கோவையின் மடக்கை வடிவம்தான்.

அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். pH என்ற சொல்லைக் கண்டதும் சூத்திரத்துக்குப் போவதில்லை. முதலில் மூல் அட்டவணை: தாக்கத்துக்கு முன் எவ்வளவு, தாக்கத்துக்குப் பின் எவ்வளவு. வன்காரம் முழுதாகத் தீரும்வரை தாக்கம் நடந்ததாக எடுத்துவிட்டு, பிறகுதான் சமநிலையைப் பற்றி யோசிப்பேன். அமிலம் மட்டும் என்றால் வர்க்கமூலம். அமிலமும் அசற்றேற்றும் என்றால் விகிதம். அசற்றேற்று மட்டும் என்றால் நீர்ப்பகுப்பு.

சரி, இந்தக் குடுவை மாற்றத்தை எப்படித் தாங்குகிறது? எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். 50 cm³ கரைசலில் உண்மையில் இருக்கும் H⁺ வெறும் 9 × 10⁻⁷ mol. இதற்குள் 0.10 mol dm⁻³ ஐதரோகுளோரிக் அமிலம் 1 cm³ விட்டால் உள்ளே வருவது 1 × 10⁻⁴ mol. ஏற்கெனவே இருப்பதைப் போல நூறு மடங்குக்கு மேல்! அது அப்படியே நின்றால் pH தடாலென்று விழும். ஆனால் 2.5 × 10⁻³ mol அசற்றேற்று காத்திருக்கிறது. வந்த H⁺ ஐ அது பிடித்து அமிலமாக்கிவிடுகிறது. அமிலம் 0.0026 mol ஆகும், அசற்றேற்று 0.0024 mol ஆகும். விகிதத்தின் மடக்கை −0.03 அளவு. pH 4.74 இலிருந்து 4.71 க்கு இறங்குகிறது, அவ்வளவுதான். அதே 1 cm³ ஐ 50 cm³ தூய நீருக்குள் விட்டிருந்தால் pH 7 இலிருந்து 2.7 க்குப் போயிருக்கும். காரம் விட்டாலும் இதே கதை, இந்த முறை அமிலம் தன்னைக் கொடுத்து OH⁻ ஐத் தீர்க்கும்.

"தாங்கற் கரைசலில் pH மாறாது" என்று எழுதினால் புள்ளி போகும். மாறும், சிறிதளவு. இன்னொன்று: மேலுள்ள விகிதத்தில் கனவளவு வெட்டுப்படுவதால் மூல்களையே நேரே போடலாம். நீர் சேர்த்து ஐதாக்கினால் pH ஏறத்தாழ அப்படியே இருப்பதும் அதனால்தான். ஆனால் ஐதாக்கிய கரைசலில் ஒரே கனவளவை எடுத்தால், அதில் அமிலமும் அசற்றேற்றும் குறைவு, ஆகவே தாங்கும் சக்தியும் குறைவு.

தாங்குதல் எங்கே முறிகிறது என்பதைப் பார்க்க அளவியைத் திறந்து காரத்தைத் தொடர்ந்து விடுங்கள். 25 cm³ இலிருந்து 26 cm³ க்குப் போகும்போது pH ஏறுவது 0.03 அளவுதான். 49 cm³ இல் அமிலம் 0.0001 mol, அசற்றேற்று 0.0049 mol. விகிதம் 49, pH 6.43. இன்னும் 1 cm³ விட்டால் அமிலம் தீர்ந்துவிடும், குடுவைக்குள் அசற்றேற்று மட்டும். அது நீரிலிருந்து H⁺ ஐப் பிடுங்கி OH⁻ ஐ விடுவதால் pH 8.8 அளவில் நிற்கும். அதே 1 cm³, இங்கே இரண்டு அலகுக்கு மேல் பாய்ச்சல். விகிதம் பத்துக்கு ஒன்றைத் தாண்டினால் அந்தக் கரைசலை நம்ப வேண்டாம் என்பதன் கருத்து இதுதான்.

காட்டி பற்றிய வினாவும் இங்கேயே முடிந்துவிடுகிறது. மெதைல் செம்மஞ்சள் pH 4.4 அளவில் முழுதாக மஞ்சளாகிவிடும். இந்த நியமிப்பில் அது ஏறத்தாழ 16 cm³ இலேயே நடந்துவிடும், அதுவும் படிப்படியாக, சட்டென்று அல்ல. உண்மையான சமவலுப் புள்ளியோ 50 cm³. பினோத்தலீன் 8.3 க்கு மேல் இளஞ்சிவப்பாகத் தொடங்குவதால் அந்தப் பாய்ச்சலுக்குள் சரியாக விழுகிறது.

கணிப்பான் கொண்டுபோக முடியாது என்பதால் மடக்கையில் தடுமாறாதீர்கள். log 2 = 0.30, log 3 = 0.48 என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு 1.8 ஐ 2 × 3² ÷ 10 என்று உடைத்தால் 0.30 + 0.96 − 1 = 0.26, ஆகவே pKa 4.74. நான் 1.8 இன் மடக்கையை மறந்துபோய் ஒருநாள் வகுப்பில் விழித்துக்கொண்டு நின்றபோது பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சிதான் இந்த உடைப்பைச் சொல்லித் தந்தாள்.

இரண்டாம் தடவை பரீட்சைக்கு முன் அந்தப் பழைய கணக்கைத் திரும்ப எடுத்து, காரத்தை 25 cm³ க்குப் பதிலாக 60 cm³ என்று மாற்றிச் செய்து பார்த்தேன். மூல் அட்டவணை போட்டதும் 0.001 mol OH⁻ மிஞ்சியது, கனவளவு 85 cm³. Ka வே தேவைப்படவில்லை, pH 12.07.