அறுநூற்று நாற்பதும் நானூற்று அறுபதும்: தீபாவளிக் கடை நாட்குறிப்பு

அக்டோபர் 3, 2025, வெள்ளி, இரவு

ராத்திரி ஏழு மணிக்கு, வருடா வருடம் வாங்கும் டீச்சரம்மா போன் செய்தார். "என்ன கண்ணு, போன வருசத்தை விடக் கம்மியாப் போட்டிருக்கறே? நெய் விலை இறங்கிடுச்சா?" பாராட்டாகத்தான் கேட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஸ்டேட்டஸைத் திறந்து பார்த்தேன். நெய் மைசூர்பாகு கிலோ ₹460. எங்கள் விலை 640. மதியம் இரண்டு மணிக்கு விளம்பர வீடியோவில் 460 என்று நானே டைப் செய்தது.

பதறிப்போய் முதல் வேலையாக ஸ்டேட்டஸை அழித்தேன். அதுதான் இரண்டாவது தப்பு. யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் அதோடு போய்விட்டது. முதலில் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் லிஸ்டில் அனுப்பியதையும் 'எல்லோருக்கும் அழி' கொடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் யாராவது வேறு குரூப்புக்குத் தள்ளிவிட்டிருந்தால், அந்தப் பிரதி அங்கேயேதான் இருக்கும். இன்ஸ்டா ரீலில் கீழே எழுதியதை மாற்றலாம், வீடியோவுக்குள் இருக்கும் விலையை மாற்ற முடியாது. அதையும் எடுத்தாயிற்று.

பணம் கட்டியவர்கள் இதுவரை 11 பேர். போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 4, சனி, மதியம்

காலை பத்து மணிக் கணக்கு: 14 பேர், 23 கிலோ, எல்லாம் ஜிபேயில் முழுப் பணம். இது போக, பணம் கட்டாமல் சொல்லி மட்டும் வைத்தவர்கள் 5 பேர்.

பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுப் புது விலை சொல்லலாம் என்றார் வீட்டுக்காரர். நம்மிடம் வாங்கும் வக்கீல் அண்ணனிடம் கேட்டேன். விளம்பரம் என்பது வாங்க வாருங்கள் என்ற அழைப்பு மட்டும்தான், ஆனால் ஆர்டரை ஏற்றுக்கொண்டு பணமும் வாங்கிவிட்டால் அது ஒப்பந்தம் ஆகிவிடும் என்றார். நான் 14 பேருக்குமே "சரிங்க, எழுதிக்கிட்டேன்" என்று பதில் போட்டிருக்கிறேன். அப்புறம் என்ன பேச்சு.

உட்கார்ந்து கணக்குப் போட்டதும் பயம் கொஞ்சம் குறைந்தது. ஒரு கிலோவுக்கு நெய், சர்க்கரை, கடலை மாவு, கேஸ், கூலி, டப்பா எல்லாம் சேர்த்து அடக்கம் 470. ஆக, 23 கிலோவில் கையை விட்டுப் போவது 230 ரூபாய்தான். மீதி 3,910 ரூபாய் வரவேண்டிய லாபம், வராது. இரண்டும் வலிக்கிறது, ஆனால் ஒரே வலி இல்லை.

அதற்குப் பிறகுதான் விலையைத் திருத்திச் சொல்லும் புது வீடியோவுக்கு எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது இப்படி ஆரம்பித்தது: "அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். தொழில்நுட்பக் கோளாறு காரணமாக..." தம்பி படித்துவிட்டு, "எந்தத் தொழில்நுட்பம்க்கா? உன் கட்டைவிரலா?" என்றான். அடித்துவிட்டேன். வணக்கமும் நன்றியும் முடிந்து விலை வருவதற்குள் பார்ப்பவர் தள்ளிவிட்டுப் போயிருப்பார். சரியான விலை முதல் பத்து விநாடிக்குள் வந்தாக வேண்டும்.

அடுத்து, பழைய விலையைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் 640 என்று காட்டினோம். அத்தை எட்டிப் பார்த்தார். "ஏண்டா, விலையை ஏத்திட்டீங்களா?" ஜவுளிக்கடை விளம்பரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கோடு போட்ட எண் என்றால் நேற்றைய விலை, பக்கத்தில் இருப்பது இன்றைய விலை. தப்பு விலை என்று யாருக்கும் தோன்றாது. அதோடு, சத்தம் இல்லாமல் பார்ப்பவர் கண்ணில் இரண்டு எண்ணும் நிற்கும். அந்த இடத்தை யாராவது படம் பிடித்து அனுப்பினால் 460 மறுபடி ஊர் சுற்றும். அதனால் 460 வாயால் மட்டும், திரையில் 640 மட்டும் என்று முடிவு செய்தோம்.

வாயால் சொல்வதிலும் ஒரு சிக்கல். அறுநூற்று நாற்பது, நானூற்று அறுபது. வேகமாகச் சொன்னால் எனக்கே குழறுகிறது. இரண்டிலும் ஆறும் நாலும்தானே. கால் கிலோ விலையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், காதில் தப்பாக விழுந்தவரும் நாலால் பெருக்கிச் சரிபார்த்துக்கொள்வார்.

அக்டோபர் 4, இரவு

மூன்றாவது முறை எடுத்தது சரியாக வந்தது. அதே அடுப்படி, அதே பச்சைப் புடவை. ஆள் மாறினாலோ இடம் மாறினாலோ இது வேறு விளம்பரம் என்று நினைத்துக்கொள்வார்கள். பாட்டுப் போடவில்லை.

எழுதியதில் "நேத்து", "இன்னைக்கு" என்று இருந்தது. ஸ்டேட்டஸ் ஒரு நாள் முழுக்க இருக்கும், ஃபார்வர்டுக்கோ கணக்கே இல்லை. திங்கட்கிழமை பார்ப்பவருக்கு எது நேற்று? எல்லாவற்றையும் தேதியாக மாற்றினோம். கடைசியாகப் பேசியது:

"அக்டோபர் 4, சனிக்கிழமை பேசறேனுங்க. எங்க நெய் மைசூர்பாகு கிலோ அறுநூற்று நாற்பது ரூபாய். கால் கிலோ நூற்று அறுபது. அக்டோபர் 3 மதியம் போட்ட வீடியோவுல நானூற்று அறுபதுன்னு தப்பாப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. அக்டோபர் 4 காலை பத்து மணிக்குள்ள பணம் கட்டினவங்களுக்கு அந்த விலையிலயே கொடுக்கறோம், மீதி கேட்க மாட்டோம். அதுக்கப்புறம் சொல்றவங்களுக்கு அறுநூற்று நாற்பது. பணம் கட்டாம சொல்லி வெச்சிருக்கறவங்களுக்கு நானே போன் பண்றேன். வேண்டாம்னா தயங்காமச் சொல்லிடுங்க. பழைய வீடியோவை யாருக்காவது அனுப்பியிருந்தா, இதையும் அங்கேயே அனுப்பிடுங்க."

முக்கால் நிமிடம். திரையில் ஆரம்பம் முதல் கடைசி வரை "1 கிலோ ₹640, ¼ கிலோ ₹160, 4.10.2025".

கடைசி வரிதான் முக்கியம். லிஸ்டில் நான் அனுப்புவது என் நம்பரைப் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். ஃபார்வர்டில் பார்த்தவர் யார் என்று எனக்குத் தெரியாது, அனுப்பியவருக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 6, திங்கள்

சொல்லி மட்டும் வைத்த ஐந்து பேருக்கும் போன் செய்தேன். மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றார். ஐந்தாவது, அப்பார்ட்மெண்ட் அக்கா, 8 கிலோ. எனக்குப் பணம் அனுப்பவில்லை, ஆனால் வீடு வீடாகப் போய் 460 என்று பணம் வாங்கி வைத்துவிட்டார். "நான் திரும்பப் போய் எல்லார்கிட்டயும் எப்படீங்க கேக்கறது?" நான் போட்ட விதி அவருக்குப் பொருந்தவில்லை. கொடுத்துவிட்டேன். 31 கிலோ ஆயிற்று. வீட்டுக்காரர் இரண்டு நாளாகக் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைக்கிறார்.

அக்டோபர் 9, வியாழன்

ஒருவர் கடைக்கே வந்து போனை நீட்டினார். பழைய வீடியோதான். புது வீடியோவைக் காட்டினேன். தேதியைப் பார்த்தார், "ஓ, நாலாந்தேதியே சொல்லிட்டீங்களா" என்று அரைக் கிலோ 320 கொடுத்து வாங்கிப் போனார். வீடியோவுக்குள் தேதி இல்லாமல் இருந்திருந்தால், அவரைப் பார்த்ததும் மாற்றிப் பேசுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள். காலையில் பாகு பதம் பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. திருப்பூரில் இருக்கும் வீட்டுக்காரரின் சித்தி, சொந்தக்காரர் குரூப்பில் போட்டிருக்கிறார்: "நம்ம பொண்ணு கடை. கிலோ 460தான். சீக்கிரம் சொல்லுங்க." கீழே ஏழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். கையைத் துடைத்துவிட்டு, அதற்குப் பதிலாகவே நாலாந்தேதி வீடியோவைப் போட்டேன். அப்புறம் சித்திக்குத் தனியாக ஒரு போன்.

பேசிவிட்டு வருவதற்குள் ஒரு தட்டு முறுகிவிட்டது.