அப்பாவின் விரல் மூக்கைத் தாண்டிப் போன கதை

பாம்பன் தெற்குவாடியில் நாட்டுப்படகு வைத்திருக்கும் என் அப்பா, சென்ற மாசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை கடலிலிருந்து திரும்பியபோது, படகை விட்டு இறங்காமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிடரியில் கடுமையான வலி, விடாத வாந்தி, உலகமே சுற்றுவது போன்ற மயக்கம் எனச் சொன்னார். இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிவிட்ட பின் கால்களை மிக அகலமாக வைத்து நடக்க முயன்றவர், ஒவ்வொரு முறையும் வலப்பக்கமாகவே சரிந்தார். பேச்சும் குழறியதால், நின்றவர்களில் பாதிப் பேர் அவர் குடித்திருப்பதாகவே முடிவுசெய்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மது முதலில் தடுமாறச் செய்யும் உறுப்புகளில் சிறுமூளையும் ஒன்று என்பதால், இரண்டு தள்ளாட்டமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

முதலில் சென்ற இடத்தில் அவரைப் படுக்கவைத்தே பரிசோதித்தார்கள். கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார்கள். இரு கைகளிலும் வலு முழுமையாக இருந்தது. முகம் கோணவில்லை. ஆகவே இது பக்கவாதம் அன்று, காதுக் கோளாறால் வரும் தலைச்சுற்றல் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அவரை எழுப்பி நாலடி நடக்க வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். காதினால் வரும் தலைச்சுற்றலில் நோயாளி தள்ளாடினாலும் பெரும்பாலும் துணையின்றி நிற்க முடியும். அப்பாவால் கண்களைத் திறந்துகொண்டுகூட நிற்க முடியவில்லை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவந்தபோது அந்த நேரம் எப்போதோ கடந்திருந்தது.

மாலையில் இராமநாதபுரத்தில் எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. அதைக் கேட்டு நாங்கள் நிம்மதியடைந்ததுதான் இரண்டாவது தவறு. மூளையில் இரத்தம் கசிந்திருந்தால் அந்த ஸ்கேன் உடனே காட்டிவிடும். ஆனால் இரத்த ஓட்டம் அடைபட்ட இடத்தை முதல் சில மணி நேரங்களில் அது தவறவிடக்கூடும், அதிலும் தடித்த எலும்புகளால் சூழப்பட்ட தலையின் பின்பகுதியில் படமே தெளிவாக விழாது. மறுநாள் மதுரையில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில்தான் சிறுமூளையின் வலப்பாதியில் இரத்த ஓட்டம் நின்றுபோன பகுதி வெள்ளையாகத் தெரிந்தது.

ஆனால் படம் வருவதற்கு முன்பே அங்கிருந்த நரம்பியல் மருத்துவர் அதைச் சொல்லிவிட்டார். அப்பாவின் எதிரில் தம் விரலை நீட்டி, "ஐயா, உங்க மூக்கைத் தொட்டுட்டு என் விரலைத் தொடுங்க, மாத்தி மாத்திச் செய்யுங்க" என்றார். இடக்கை எளிதாகச் செய்தது. வலக்கை பாதி தூரம் வரை நேராகவே போயிற்று. மருத்துவரின் விரலை நெருங்க நெருங்க நடுக்கம் பெருகி, விரலைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டியது. மூக்கைத் தொடப் போன விரல் கன்னத்தில் இடித்தது. சும்மா மடியில் வைத்திருந்தபோது அந்தக் கை துளியும் நடுங்கவில்லை.

பிறகு அப்பாவை வலக்கையை மடக்கித் தம்மை நோக்கி இழுக்கச் சொல்லி, மருத்துவர் அதை எதிர்த்துப் பிடித்திருந்து சட்டென்று விட்டார். நாமாக இருந்தால் கை சற்று அசைந்து நின்றுவிடும். அப்பாவின் கையோ அவருடைய முகத்தை நோக்கியே பாய்ந்தது. மருத்துவர் முன்கூட்டியே தம் மறுகையைக் குறுக்கே வைத்திருந்ததால் அடி விழவில்லை.

வலுக் குறையாத கை ஏன் இப்படிச் செய்கிறது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் இது. கையை ஓரிடத்துக்குக் கொண்டுபோக ஒரு தசை இழுக்க வேண்டும். அங்கே நிறுத்த எதிர்த்தசை பிரேக் போட வேண்டும். கை இலக்கைத் தொட்டுவிட்டது என்ற செய்தி மூளைக்கு வந்து சேர்ந்த பிறகு பிரேக் போட்டால் காலம் கடந்துவிடும். ஆகவே கை எப்போது எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே கணித்து, வந்து சேரும் முன்பே எதிர்த்தசைக்குக் கட்டளை போகும்படி செய்வது சிறுமூளை. அந்தக் கணிப்பு கெட்டால் பிரேக் தாமதமாக விழுகிறது. கை தாண்டிப் போகிறது. திருத்த முயலும் அசைவும் அதே தாமதத்தோடு வருவதால் அதுவும் தாண்டுகிறது. இலக்கின் அருகே தெரியும் நடுக்கம் இந்தத் திருத்தங்களின் வரிசைதான்.

கேட்டுக்கொண்டிருந்த அப்பா, துண்டு துண்டாகச் சிதறிய குரலில், "புதுசா சுக்கான் புடிக்கிற பய மாதிரி" என்றார். இதைவிடச் சரியான உவமையை நான் இன்றுவரை கேட்டதில்லை. படகின் முகம் வேண்டிய திசைக்கு வந்த பிறகு சுக்கானைத் திருப்பினால் அது அந்தத் திசையைத் தாண்டிவிடும். வருவதற்குச் சற்று முன்பே எதிர்ப்பக்கம் திருப்பியாக வேண்டும். புதியவன் ஓட்டும் படகு பாம்பு போல நெளிந்து போவது அதனால்தான்.

வலப்பக்கச் சிறுமூளை கெட்டால் வலக்கையே கெடுவது என்னைக் குழப்பியது. பக்கவாதம் எதிர்ப்பக்கத்தைத் தாக்கும் என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம்? சிறுமூளையிலிருந்து கிளம்பும் பாதை ஒருமுறை எதிர்ப்பக்கம் கடந்து பெருமூளைக்குச் செல்கிறது, அங்கிருந்து தசைகளுக்கு இறங்கும் பாதை மீண்டும் கடந்து வருகிறது. இருமுறை கடப்பதால் பக்கம் மாறுவதில்லை. அப்பாவின் நடை அகன்று போனதற்குக் காரணம், உடலின் நடுப்பகுதியை நிலைநிறுத்தும் சிறுமூளையின் நடுப்பட்டையையும் சேதம் எட்டியிருந்ததுதான்.

மதுரையில் ஒரு வாரம் தங்கினோம். இரத்த ஓட்டம் இழந்த பகுதி இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை வீங்கக்கூடும் என்றும், பின்மண்டையில் இடம் குறைவாக இருப்பதால் அது மூளைத்தண்டை நசுக்கலாம், மூளைநீர் வடியும் வழியையும் அடைக்கலாம் என்றும் சொல்லி, ஒவ்வொரு மணி நேரமும் அப்பாவை எழுப்பிப் பேச வைத்தார்கள். மூன்றாம் நாள் இரவு அவர் எழுப்ப எழுப்பத் தூங்கிப்போனார். மீண்டும் ஸ்கேன் எடுத்தார்கள். வீக்கம் இருந்தது, ஆனால் நீர்வழி திறந்திருந்தது. மண்டையோட்டைத் திறக்கும் அறுவைக்கு ஆயத்தம் செய்தும், அது தேவைப்படாமலே நான்காம் நாள் தெளிந்தார். இதயத் துடிப்பு சீரற்று இருந்ததும் அங்கேதான் தெரிந்தது. அதற்காக இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைச் சில நாட்கள் கழித்துத் தொடங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாங்கள் எண்ணெய் தேய்த்துவிட்டு, பந்தை அழுத்தச் சொல்லி ஒரு மாதத்தை வீணாக்கினோம். இராமநாதபுரத்திலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, "வலு இருக்குங்க, அளவுதான் இல்லை" என்று பந்தை எடுத்து வைத்தார். கால்களை அகலமாக வைத்து நிற்பது, வாரத்துக்கு வாரம் அந்த இடைவெளியைக் குறைப்பது, தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டின்மேல் மெதுவாக நடப்பது, மேசையில் வைத்த சோழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடுவது என்று தினமும் செய்ய வைத்தார். மணிக்கட்டில் அரைக்கிலோ மணல் பை கட்டினால் நடுக்கம் குறைந்தது. அவிழ்த்ததும் திரும்பி வந்தது. ஆகவே அதைச் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குள் பிடிப்பின்றி நடக்கிறார், திரும்பும்போது மட்டும் சுவரைத் தேடுகிறார். டீ கிளாஸை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பக் கூடாது. கிழிந்த வலையைக் கோர்க்க உட்கார்ந்தால், முன்பு பேசிக்கொண்டே பின்னியவர் இப்போது வாயை மூடிக்கொண்டு ஒவ்வொரு முடிச்சையும் யோசித்துப் போடுகிறார். யாராவது கூப்பிட்டால் ஊசி கண்ணியைத் தவறவிடுகிறது. முதல் உலகப் போரில் தலையில் குண்டடி பட்ட வீரர்களை ஆராய்ந்த கார்டன் ஹோம்ஸ் என்ற அயர்லாந்தில் பிறந்த பிரிட்டிஷ் மருத்துவர், இதே குறையை ஒரு நோயாளி தம்மிடம் சொன்னதாகப் பதிவுசெய்திருக்கிறார்: ஒரு கை தானாக வேலை செய்கிறது, மறு கையின் ஒவ்வோர் அசைவையும் தான் நினைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்று. படகு தம்பியிடம் இருக்கிறது. அலையில்லாத நாளில் அப்பாவைப் பாலத்தடி வரை அழைத்துப் போகிறான். உட்கார்ந்தபடி இடக்கையால் சுக்கான் பிடிக்கிறார், படகு நேராகப் போகிறது.