40 லட்சம்னு நம்பி உட்கார்ந்திருந்தேன், ஒரு பெங்களூர் பார்சல் கணக்கை மாற்றிவிட்டது

நான் வீட்டில் தையல் மெஷின் போட்டு குழந்தைகளுக்கான பருத்தி கவுன் தைத்து விற்கிறேன். இன்ஸ்டாவில் படம் போடுவது, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது, ஜிபேயில் பணம் வாங்கி பார்சல் அனுப்புவது, அவ்வளவுதான் தொழில். அளவு சரியில்லை என்று திரும்பி வந்தால் செலவு கட்டுப்படியாகாது என்பதால் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஜிஎஸ்டி பற்றி யார் கேட்டாலும் "வருஷ விற்பனை 40 லட்சத்துக்கு மேல போனாத்தான் அந்த நம்பர் வேணும், நான் எங்க அங்க போகப்போறேன்" என்பதுதான் என் பதில்.

ஜனவரியில் பெங்களூரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் 60 கவுன் வேண்டும் என்று கேட்டார், ஒன்று 500 ரூபாய் என்று பேசி முடித்தோம். கடைசியில் "மேடம், உங்க ஜிஎஸ்டி நம்பர் அனுப்புங்க, பில் போடணும்" என்றார். என்னிடம் இல்லை, லிமிட்டுக்குள்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, எதற்கும் ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள் என்றார். சிரித்தது கடுப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் போய்க் கேட்டேன்.

ஆடிட்டர் சார் முதலில் கேட்டது, "ஏப்ரல்ல இருந்து டிசம்பர் வரைக்கும் உங்க டர்ன்ஓவர் எவ்வளவு?" நான் "செலவு போக ஒரு தொண்ணூறாயிரம் நின்னிருக்கும்" என்றேன். அது லாபம்மா, நான் கேட்டது டர்ன்ஓவர் என்றார். இந்த இடத்தில்தான் நம்மில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறோம். துணி, நூல், பார்சல் செலவு எதையும் கழிக்காமல் விற்ற தொகை முழுவதும்தான் டர்ன்ஓவர். அங்கேயே உட்கார்ந்து நோட்டைப் புரட்டினோம். 412 கவுன், ஒன்று 650 என்றால் 2,67,800. வாடிக்கையாளரிடம் கூரியருக்கென்று தனியாக வாங்கிய 18,000-மும் சேரும். பிறகு ஆன்லைனில் இரண்டு பேட்ச் தையல் வகுப்பு எடுத்ததில் இன்னொரு 18,000. மொத்தம் 3,03,800. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரே பான் நம்பரில் நடக்கும் எல்லா விற்பனையையும் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். இன்ஸ்டாவுக்கு ஒரு கணக்கு, வகுப்புக்கு ஒரு கணக்கு என்று பிரித்துக் காட்ட முடியாது.

தையல் வகுப்பு இன்னொரு வேலையும் செய்திருந்தது. 40 லட்சம் என்ற வரம்பு பொருள் மட்டும் விற்பவர்களுக்குத்தான். வகுப்பு எடுப்பது சேவை, அது கூடவே சேர்ந்தால் மொத்தத்துக்கும் வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும். எனக்கு இரண்டுமே எட்டாத தூரம் என்பதால் கவலையில்லை, ஆனால் 25 லட்சத்துக்குப் பொருள் விற்றுக்கொண்டு பக்கத்தில் வகுப்பும் எடுக்கிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம்.

"அப்ப மூணு லட்சம்தானே சார், எனக்கு எதுக்கு நம்பர்?" என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் நான் இதை எழுதவே காரணம். வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பே கிடையாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 24-வது பிரிவு, டர்ன்ஓவர் எவ்வளவாக இருந்தாலும் பதிவு கட்டாயம் என்கிறது. 60 கவுனுக்கும் அதே விதி, ஒரே ஒரு கவுனுக்கும் அதே விதி. கைவினைப் பொருட்களுக்கு இதில் விலக்கு உண்டு என்று தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள், உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் கையால் செய்த, பட்டியலில் உள்ள பொருட்களுக்கு. மெஷினில் தைக்கும் என் கவுன் அதில் வராது. நம்பர் வரும்வரை பெங்களூருக்கு எதுவும் அனுப்பாதீர்கள் என்றார்.

பதிவு செய்ய அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. gst.gov.in தளத்தில் நானே செய்தேன். பான், மொபைல், மெயில் கொடுத்ததும் ஒரு தற்காலிக எண் வருகிறது, அதை வைத்து 15 நாளுக்குள் மீதியை நிரப்ப வேண்டும். ஆதார் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள், தவிர்த்தால் இடத்தை நேரில் வந்து பார்ப்பது வரைக்கும் இழுக்கும். நான் சிக்கியது முகவரியில். வீடு மாமியார் பெயரில். நான் மின் கட்டண ரசீதை மட்டும் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். நாலாவது நாள் GST REG-03 என்று ஒரு நோட்டீஸ், விளக்கம் கேட்டு. பார்த்ததும் கை நடுங்கியது. நிராகரித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்படி இல்லை, ரசீதில் இருக்கிற பெயர் வேறு, உங்களுக்கும் இடத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தார்கள். இதற்கு 7 வேலை நாளுக்குள் பதில் போடாவிட்டால்தான் நிராகரிப்பு. "என் வீட்டின் முன் அறையை என் மருமகள் தொழில் செய்யப் பயன்படுத்த எனக்குச் சம்மதம்" என்று அத்தையிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, அவர் பெயரில் உள்ள சொத்து வரி ரசீதோடு ஏற்றினேன். மொத்தம் பன்னிரண்டு நாளில் நம்பர் வந்துவிட்டது. வந்த 30 நாளுக்குள் வங்கிக் கணக்கு விவரமும் சேர்க்க வேண்டும், அதை மறந்தால் பதிவு நிறுத்திவைக்கப்படும்.

சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறையில் 1 சதவீதம்தானே, அதில் போகலாமே என்று கேட்டுப் பார்த்தேன். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பவர்களுக்கு அது கிடையாதாம். சரி, சாதாரண முறைதான்.

பெங்களூர் பில் இப்படி ஆனது: 30,000 ரூபாய், அதற்கு வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி, அதாவது ஐஜிஎஸ்டி, 5 சதவீதம் 1,500, மொத்தம் 31,500. துணி வாங்கிய 12,000-க்கு நான் ஏற்கெனவே கட்டியிருந்த வரி 600, அது எனக்குத் துணி விற்றவர் சரியான பில் போட்டுக் கொடுத்ததால் கழிந்தது, என் கையிலிருந்து கட்டியது 900. பெங்களூர் கடைக்காரரிடம் நான் வாங்கிய 1,500 அவர் கணக்கில் கழிந்துவிடும், அவருக்கு நஷ்டமில்லை. வலிப்பது இன்ஸ்டா விற்பனையில்தான். நம்பர் வாங்கியபின் உள்ளூர் விற்பனைக்கும் வரி உண்டு. 650-ஐ ஏற்ற மனமில்லாமல் அதற்குள்ளேயே வரியை வைத்தேன், ஒரு கவுனுக்கு கிட்டத்தட்ட 31 ரூபாய் குறைகிறது. இந்தக் கணக்கை ஆர்டருக்குச் சம்மதிக்கும் முன்னால் போட்டிருந்தால் 500 என்று பேசியிருக்க மாட்டேன்.

ரிட்டர்னை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வழியை எடுத்திருக்கிறேன். விற்பனையே இல்லாவிட்டாலும் தாக்கல் செய்தாக வேண்டும், தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்து தாமதமானால் 50. வருமான வரி இதில் சேராது, அது லாபத்தைப் பொறுத்த தனிக் கணக்கு.

கடைசியாக, சான்றிதழை தொழில் நடக்கும் இடத்தில் மாட்ட வேண்டும், வாசல் பெயர்ப் பலகையிலும் நம்பர் இருக்க வேண்டும். பலகை அடித்து வந்த அன்று அத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீடு என் பேர்ல, கடிதம் எழுதிக் கொடுத்தது நான், போர்டுல உன் பேர் மட்டும் இருக்கு?" என்றார். இன்னும் பதில் சொல்லவில்லை.