கோட்ரைமாக்சசோல் வினா: ஒரே பாதையில் இரண்டு வேறு காரணங்கள்

மருந்தியல் தேர்வில் கோட்ரைமாக்சசோல் பற்றிக் கேட்கும்போது, அது பாக்டீரியாவைத் தாக்கியும் நோயாளியின் செல்களை ஏன் விட்டுவிடுகிறது என்ற துணைவினாவும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். "மனிதர் ஃபோலேட்டை உணவிலிருந்து பெறுகிறார், பாக்டீரியா தானே தயாரிக்கிறது" என்ற ஒற்றை வரியோடு பலர் விடையை முடித்துவிடுகிறார்கள். கோட்ரைமாக்சசோலில் சேர்ந்திருக்கும் இரண்டு மருந்துகளில் சல்ஃபமெத்தாக்சசோலுக்கு அந்த வரி முழு விடை; டிரைமெத்தோப்ரிமுக்கு அது போதாது. இந்த வேறுபாட்டை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பதும், ஃபோலேட் உருவாகும் பாதையை வரைந்து ஒவ்வொரு படியிலும் "இந்த நொதி மனிதரிடம் உண்டா?" என்று கேட்டாலே அது தானாக வெளிப்படும் என்பதும் நான் படித்தபோது உணர்ந்தவை.

பாக்டீரியா ஒரு டெரிடின் மூலக்கூறோடு பாரா அமினோ பென்சோயிக் அமிலத்தை இணைக்கிறது. இணைக்கும் நொதி டைஹைட்ரோடெரோயேட் சிந்தேஸ். அடுத்து குளுட்டமேட் சேர்ந்து டைஹைட்ரோஃபோலேட் உருவாகிறது. அதை டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் ஒடுக்கி டெட்ராஹைட்ரோஃபோலேட்டாக மாற்றுகிறது. சல்ஃபா மருந்தான சல்ஃபமெத்தாக்சசோல் வடிவில் பாரா அமினோ பென்சோயிக் அமிலத்தை ஒத்திருப்பதால் முதல் நொதியில் அதன் இடத்தைப் போட்டியிட்டுப் பிடிக்கிறது. அந்த நொதி மனிதரிடம் இல்லவே இல்லை. செல்லில் ஏற்கெனவே இருக்கும் ஃபோலேட் பல தலைமுறைப் பிரிவுகளில் பங்கிடப்பட்டுக் குறைந்த பிறகே வளர்ச்சி நிற்கும் என்பதால், சல்ஃபாவின் விளைவு தாமதமாகத் தெரியும் என்பதையும் இதே படியிலிருந்து எழுதலாம்.

டிரைமெத்தோப்ரிம் தடுக்கும் இரண்டாவது நொதியில்தான் கவனம் தேவை. டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நமக்கும் உண்டு, இன்றியமையாததும்கூட. டி.என்.ஏ.வுக்கான தைமிடிலேட்டைத் தயாரிக்கும் வினையில் ஃபோலேட் ஒரு கார்பனைக் கொடுப்பதோடு தானும் ஆக்சிஜனேற்றம் அடைந்து டைஹைட்ரோஃபோலேட்டாகத் திரும்பிவிடுகிறது. அதை மீண்டும் ஒடுக்காவிட்டால், உணவில் எவ்வளவு ஃபோலேட் வந்தாலும் பிரியும் செல்லுக்குப் பயன்படும் வடிவம் தீர்ந்துபோகும். ஆகவே டிரைமெத்தோப்ரிமிடமிருந்து நம்மைக் காப்பது கீரையும் பருப்பும் அல்ல. அம்மருந்து மனித நொதியைவிடப் பாக்டீரியா நொதியுடன் பல ஆயிரம் மடங்கு வலுவாகப் பிணைகிறது என்பதே. வழக்கமான அளவில் நம் நொதி ஏறத்தாழ இடையூறின்றி இயங்குகிறது.

இந்த விளக்கம் எங்கே சோதிக்கப்படும் என்பதற்கு ஒரு நோயாளி விவரத்தை எடுத்துக்கொள்வோம். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் ஒரு பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்றுக்காகக் கோட்ரைமாக்சசோல் தரப்படுகிறது. சில நாட்களில் வாய்ப்புண்களும், வெள்ளணு, தட்டணு இரண்டின் வீழ்ச்சியும் காணப்படுகின்றன. மெத்தோட்ரெக்சேட் அடைப்பது மனிதரின் அதே ரிடக்டேஸைத்தான். ஏற்கெனவே நலிந்த அந்த நொதியின் மீது டிரைமெத்தோப்ரிமின் சிறு தடையும் கூடுகிறது. அதோடு கோட்ரைமாக்சசோல், மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதையும் குறைக்கிறது. வேகமாகப் பிரியும் எலும்பு மஜ்ஜையும் வாயின் சவ்வும் முதலில் பாதிக்கப்படுவதன் காரணம் இதுதான்.

இதற்குத் தீர்வாக இரண்டு மருந்துகளையும் நிறுத்தி ஃபோலினிக் அமிலம் தர வேண்டும். சாதாரண ஃபோலிக் அமிலம் ஏன் போதாது என்பதற்கும் விடை பாதையிலேயே இருக்கிறது: ஃபோலிக் அமிலம் பயன்பட அதே ரிடக்டேஸ் தேவை, ஃபோலினிக் அமிலமோ ஏற்கெனவே ஒடுக்கப்பட்ட வடிவம் என்பதால் அடைபட்ட படியைத் தாண்டிச் சென்றுவிடும். நம் செல்களுக்கு ஃபோலேட்டை உள்ளே எடுத்துக்கொள்ளும் கடத்திகள் உண்டு. இம்மருந்துகளுக்கு இலக்காகும் பெரும்பாலான பாக்டீரியாவுக்கு அவை இல்லை. ஆகவே நோயாளி மீள்வார், கிருமிக்கு அதனால் உதவி கிடைக்காது.

இந்த வாதத்தின் எல்லையையும் விடையில் காட்டுவது நல்லது. என்டரோகாக்கஸ் சுற்றுப்புறத்திலிருந்து ஆயத்த ஃபோலேட்டைப் பெறக்கூடியது; ஆய்வகத் தட்டில் உணர்திறன் தெரிந்தாலும் உடலுக்குள் கோட்ரைமாக்சசோலை நம்ப முடியாததற்கு அதுவே காரணம். சீழிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே சிதைந்த திசுக்களிலிருந்து தைமிடின் கிடைப்பதால், பல பாக்டீரியாக்கள் அதை நேரடியாகப் பயன்படுத்தித் தடைபட்ட படியைத் தவிர்த்துவிடுகின்றன. உணர்திறன் சோதனைக்கான முல்லர் ஹிண்டன் அகாரில் தைமிடின் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதியும் இதனால்தான். தைமிடின் மிகுந்துவிட்டால் தட்டில் வைத்த மருந்து வில்லையைச் சுற்றிய தெளிந்த வளையத்துக்குள் மெல்லிய மூட்டமாக வளர்ச்சி தெரியும். தடை வளையம் சுருங்கி, உணர்திறனுள்ள கிருமியும் எதிர்ப்புள்ளதாகப் பதிவாகும். செய்முறைத் தேர்வில் அப்படியொரு தட்டைக் காட்டினால், எதிர்ப்பு என்று எழுதுவதற்கு முன் தரக்கட்டுப்பாட்டுக்கான என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் வகை அதே தொகுதித் தட்டில் தெளிந்த வளையம் தந்ததா என்று கேட்க வேண்டும். அங்கும் மூட்டம் இருந்தால் குறை ஊடகத்தில்தான் உள்ளது.