3 இன்டர்ன்கள், 10 வாரங்கள்: யார் எதைச் செய்தார் என்று எழுதிய விதம்

கோடைகால இன்டர்ன்ஷிப் முடியும்போது மேற்பார்வையாளர் குழுவுக்கு ஒரு குறிப்பு அனுப்புவது வழக்கம். இந்த முறை எங்கள் மென்பொருள் குழுவில் 3 பேர் இருந்தார்கள். ஒருவர் தேடல் பக்கத்தை எடுத்துக்கொண்டார், ஒருவர் தரவுத்தளத்தை, இன்னொருவர் தானியங்கிச் சோதனைகளை. குறிப்பின் முதல் வரைவு இப்படி இருந்தது: "மூவரும் மிகுந்த ஆர்வத்துடன் பணியாற்றினார்கள். தேடல் வேகமாக்கப்பட்டது. பல பிழைகள் சரிசெய்யப்பட்டன." இதில் போன வருடம் வந்தவர்களின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அதனால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பதிவுகளிலிருந்து ஆரம்பித்தோம்.

நினைவிலிருந்து எழுதினால் கடைசி 2 வாரம்தான் வரும். அதோடு கூட்டங்களில் அதிகம் பேசுபவரின் வேலை பெரிதாகத் தெரியும். ஆகவே முதலில் கிட் பதிவு:

```
git shortlog -sne --no-merges --since="10 weeks ago" \
  --group=author --group=trailer:co-authored-by HEAD
```

இரண்டு `--group` இருப்பதற்குக் காரணம் உண்டு. இருவர் சேர்ந்து உட்கார்ந்து எழுதும்போது கமிட் ஒருவர் பெயரில்தான் விழும். கமிட் செய்தியின் கடைசியில் `Co-authored-by:` வரி இருந்தால் மட்டுமே மற்றவரும் கணக்கில் வருவார். அந்த வரியை எழுதும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் பிறகு எந்தக் கட்டளையாலும் அதை மீட்க முடியாது.

பட்டியல் வந்ததும் ஒருவர் பெயர் இரண்டு வரிகளில் இருந்தது. அலுவலக மின்னஞ்சலில் பாதி, சொந்த மின்னஞ்சலில் பாதி. களஞ்சியத்தின் மேல்மட்டத்தில் `.mailmap` என்று ஒரு கோப்பு வைத்து, ஒரு வரியில் சரியான பெயர், சரியான முகவரி, பழைய முகவரி என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இந்த எண்ணிக்கையை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது. வரிக் கணக்கு அதைவிட மோசம். ஒரு நூலகத்தைப் புதுப்பித்தால் `package-lock.json` ஒன்றே ஆயிரக்கணக்கான வரி மாறும். எங்களுக்கு இந்தப் பட்டியல் பயன்பட்டது ஒன்றுக்குத்தான்: யார் யாருடைய கமிட்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்கான நினைவூட்டல். அங்கிருந்து ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டையும் திறந்து, அதன் கீழே நடந்த உரையாடலைப் படித்தோம். ஒருவரின் நிஜமான பங்கு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும், கோட் மாற்றத்தில் அல்ல.

சோதனைகளைப் பார்த்தவரின் விஷயம் இதற்குச் சரியான உதாரணம். பட்டியலில் அவர்தான் கடைசி. ஆனால் இந்தக் கோடையில் குழுவுக்கு அதிகம் மிச்சப்படுத்திக் கொடுத்தவர் அவர் என்பதே என் கணிப்பு.

எங்களிடம் அறிக்கைச் சோதனை ஒன்று இருந்தது. அது அவ்வப்போது தோற்கும், திரும்ப ஓட்டினால் பெரும்பாலும் தேறும். எல்லோரும் "மறுபடி ஓட்டு" பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவோம். அவர் 40 தோல்விகளின் நேரத்தை மட்டும் எடுத்து ஒரு அட்டவணையில் வரிசைப்படுத்தினார். ஒன்றுகூட விலகாமல் எல்லாம் யுடிசி நேரப்படி 18:30-க்கும் 24:00-க்கும் இடையே விழுந்திருந்தன. அந்த ஐந்தரை மணி நேரம்தான் துப்பு. பயனருக்கான நேர மண்டலம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்குமாறு சோதனையில் அமைத்திருந்தோம். அறிக்கை "இன்று" என்பதைப் பயனரின் தேதியில் கணக்கிட்டது, சோதனையோ சர்வரின் யுடிசி தேதியோடு ஒப்பிட்டது. 18:30-க்குப் பயனருக்கு மறுநாள் பிறந்துவிடும், சர்வருக்கு நள்ளிரவில்தான் பிறக்கும். அந்த இடைவெளியில் ஓடினால் தோல்வி நிச்சயம். அது முடிந்தபின் திரும்ப ஓட்டினால் தேறிவிடும்.

திருத்தம் 2 வரி. அதை எழுதி இணைத்தவர் குழுவின் மூத்த பொறியாளர், ஏனென்றால் அந்தக் கோப்பில் அப்போது அவர் வேறு வேலையாக இருந்தார். அந்தத் திருத்தத்தின் கிட் பதிவில் இன்டர்னின் பெயரே இல்லை. அட்டவணை இருந்தது டிக்கெட்டின் ஒரு பின்னூட்டத்தில். குறிப்பில் இறுதியாக எழுதியது இது: "அறிக்கைச் சோதனை அவ்வப்போது தோற்பதற்கு நேர மண்டலக் குழப்பமே காரணம் என்பதை, 40 தோல்விகளின் நேரத்தை வரிசைப்படுத்திக் கண்டுபிடித்தார். திருத்தத்தை எழுதியவர் நம் மூத்த பொறியாளர்." இரண்டாவது வாக்கியம் அவசியம். அது இல்லாவிட்டால் இன்டர்ன் செய்யாததையும் செய்ததாக ஆகிவிடும், மூத்தவருக்கும் நியாயமாக இருக்காது. அது இருப்பதால்தான் முதல் வாக்கியத்தைப் படிப்பவர் நம்புவார்.

அடுத்த சிக்கல் "தேடல் வேகமாக்கப்பட்டது" என்ற வாக்கியம். தமிழில் இந்தச் செயப்பாட்டு வினை மிகவும் வசதியானது, செய்தவர் யார் என்றே சொல்ல வேண்டியதில்லை. குறிப்பில் "பட்டது" வரும் இடமெல்லாம் நிறுத்தி, யார் என்று கேட்டோம். இந்த வாக்கியத்துக்குள் இரண்டு பேரின் வேலை கலந்து கிடந்தது.

தேடல் பக்கத்தை எழுதியவர் சரிசெய்தது வேகத்தை அல்ல, வரிசையை. ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் ஒரு கோரிக்கை சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. "மர" என்பதற்கான பதில் தாமதமாகி, "மரம்" என்பதற்கான பதிலுக்குப் பிறகு வந்தால், பெட்டியில் "மரம்" இருக்கும், கீழே "மர" என்பதற்கான முடிவுகள் இருக்கும். வேகமான இணைப்பில் இது கண்ணிலேயே படாது. அவர் உலாவியின் டெவலப்பர் கருவியில் இணைப்பை வேண்டுமென்றே மெதுவாக்கி இதைத் திரும்பத் திரும்ப வரவழைத்துக் காட்டினார். பிறகு தட்டுவது நின்று 300 மில்லிவிநாடி கழித்தே கோரிக்கை அனுப்புவது, புதிய கோரிக்கை கிளம்பும்போது பழையதை `AbortController` மூலம் ரத்து செய்வது என்று இரண்டையும் எழுதினார். முதலாவது மட்டும் போதாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். காத்திருப்பது கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர, முந்திப் போன ஒன்று பிந்தி வருவதைத் தடுக்காது.

நிஜமாகவே வேகத்தைக் கூட்டியவர் தரவுத்தளம் பார்த்தவர். அவருக்குக் கொடுத்த வேலை வேறு: தேடலுக்குத் தனியாக ஒரு தேடல் இயந்திரத்தை நிறுவிப் பார்ப்பது. 4 வாரம் அதில் போனது, கடைசியில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இப்படி முடிந்த வேலையைத்தான் மேற்பார்வையாளர்கள் குறிப்பில் விழுங்கிவிடுகிறார்கள், அல்லது "ஆராய்ச்சியில் பங்கேற்றார்" என்று மழுப்பிவிடுகிறார்கள். பதிவில் மூடப்பட்ட புல் ரிக்வெஸ்ட் ஒன்று இருக்கும், இணைந்த கோட் எதுவும் இருக்காது. ஆனால் வேண்டாம் என்று தெரிந்துகொண்டதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது. பயனர்கள் உண்மையில் தேடிய 200 சொற்களை எடுத்து இரண்டு முறையிலும் ஓட்டி நேரத்தைக் குறித்திருந்தார். `EXPLAIN ANALYZE` போட்டுப் பார்த்தபோது, பழைய முறை மெதுவாக இருந்ததற்குக் காரணம் தெரிந்தது. `LIKE '%சொல்%'` என்று முன்னாலும் பின்னாலும் சதவீதக் குறி போட்டுத் தேடினால், போஸ்ட்கிரெஸின் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் அதற்கு உதவாது. ஆகவே ஒவ்வொரு முறையும் முழு அட்டவணையையும் படித்துக்கொண்டிருந்தது. `pg_trgm` நீட்சியைச் சேர்த்து ஒரு ஜின் இண்டெக்ஸ் போட்டதும் தேவையான வேகம் கிடைத்துவிட்டது:

```sql
CREATE EXTENSION IF NOT EXISTS pg_trgm;
CREATE INDEX items_title_trgm ON items
  USING gin (title gin_trgm_ops);
```

அதன் எல்லையையும் அவரே எழுதி வைத்திருந்தார்: இது மூன்று மூன்று எழுத்துக்குறிகளாகப் பிரித்துத் தேடுவது, ஆகவே மூன்றுக்கும் குறைவான தேடல்களுக்குப் பயன் இல்லை. அவர் பத்தியில் இந்த இண்டெக்ஸைவிட முதலில் வைத்தது, தனி இயந்திரம் வேண்டாம் என்பதை அளந்து காட்டியதைத்தான். இன்னொரு சர்வரைப் பராமரித்து, இரண்டு இடத்திலும் தரவை ஒத்திசைத்துக்கொண்டே இருக்கும் வேலை எங்களுக்கு இல்லாமல் போனது அதனால்தான்.

எழுதி முடித்ததும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பத்தியை மட்டும் தனியாக அனுப்பி, இரண்டு கேள்வி கேட்டோம். விட்டுப்போனது என்ன? இதில் உங்களுடையது அல்லாதது எது? இரண்டாவது கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வந்தன. தேடல் பக்கக்காரர், பழைய கோரிக்கையை ரத்து செய்யும் யோசனை மதிப்பாய்வில் இன்னொருவர் சொன்னது என்றார். புல் ரிக்வெஸ்டில் அந்தப் பின்னூட்டம் இருந்தது, நாங்கள்தான் தாண்டிப் போயிருந்தோம். "யோசனை மதிப்பாய்வில் வந்தது, பிழையைக் கண்டதும் எழுதியதும் இவர்" என்று திருத்தினோம். நாளை ஒரு நேர்முகத் தேர்வில் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டால், அவர் தடுமாறாமல் பதில் சொல்ல முடியும்.

வார்த்தைகளில் இன்னும் சில. "உதவினார்" என்ற சொல் வந்தால் அதை எடுத்துவிட்டு அளந்தார், எழுதினார், நீக்கினார், கண்டுபிடித்தார் என்று உண்மையான வினையைப் போடுங்கள். அப்படி ஒரு வினை கிடைக்கவில்லை என்றால், உங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று பொருள், அவரிடமே போய்க் கேட்க வேண்டியதுதான். "அவர்", "இவர்" என்று தொடர்ந்து எழுதினால் இருவர் வரும் பத்தியில் யார் என்று குழம்பும், பெயரையே மறுபடி எழுதுவது மேல். மூன்று பத்தியும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று ஊதிப் பெருக்க வேண்டாம். பெயர்களை அகரவரிசையில் வைத்தால் தரவரிசை என்று யாரும் படிக்க மாட்டார்கள். குறைகளுக்கு இந்தக் குறிப்பில் இடமில்லை, அவற்றை நேரில், தனியாகப் பேசியிருக்க வேண்டும், அதுவும் நடு வாரங்களிலேயே. வாடிக்கையாளர் பெயர், இன்னும் அடைக்காத பாதுகாப்பு ஓட்டைகள் இவையும் வேண்டாம், ஏனென்றால் இந்தக் காகிதம் வெளியே போகும்.

அனுப்பியது கடைசி நாளுக்கு முந்தைய நாள். கடைசி நாள் மாலையில் அவர்களுடைய அலுவலகக் கணக்கு மூடப்படும், அஞ்சல் பெட்டியும் அதோடு போய்விடும். அதனால் அவர்கள் கொடுத்த சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி அனுப்பினோம். முதலில் சோதனைக்காரரின் பத்தியில் "விவரம் டிக்கெட்டில்" என்று ஒரு இணைப்பு கொடுத்திருந்தோம். நாளை மறுநாள் அது அவருக்கே திறக்காது. அதை எடுத்துவிட்டு, 18:30 முதல் 24:00 வரையிலான அந்தக் கதையை நான்கு வரியில் குறிப்பிலேயே எழுதினோம்.