டிரைவர் எழுந்த நேரம்

படப்பிடிப்பில் எல்லோரும் நேரத்தைக் கால்ஷீட்டை வைத்துக் கணக்குப் போடுவார்கள். தயாரிப்பு நிர்வாகியாக நான் முதலில் விசாரிப்பது, டிரைவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதை.

கடலூர் துறைமுகத்தில் ஒரு விளம்பரப் படம். விடியலில் படகுகள் கரை திரும்புவதை எடுக்க வேண்டும், அதனால் ஐந்து மணிக்கு எல்லோரும் இடத்தில் இருக்க வேண்டும். தங்கியிருந்தது புதுச்சேரியில். நாலு மணிக்கு வண்டி கிளம்ப டிரைவர் மூன்று மணிக்கே எழுந்துவிட்டார். இரவுக் காட்சி வொயிட் டவுன் தெருவில், முடித்ததும் ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை என்பது திட்டம்.

இரவு எட்டு மணி. இன்னும் மூன்று ஷாட் பாக்கி. டிரைவர் விழித்து 17 மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் கை, கண் வேகம், ரத்தத்தில் 100 மி.லி.க்கு 50 மி.கி. மது உள்ளவருடையது அளவுக்கு மந்தமாகிறது என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. நம் சட்டத்தில் 30 மி.கி.யைத் தாண்டினாலே குற்றம். அவரோ, "தூக்கமெல்லாம் இல்ல சார், ஒரு டீ போதும்" என்றார். களைத்தவர் தன் களைப்பைக் குறைத்துத்தான் சொல்வார். அவர் பேச்சை நம்பி முடிவெடுக்க முடியாது.

மதியம் அவருக்கு ஓய்வு இருந்ததா என்றால், பேருக்கு இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஐஸ் வாங்க அனுப்பிவிட்டார்கள். லைட்மேன்களுக்கும் இதே கதிதான்: மற்றவர்கள் இலையில் உட்காரும்போது அடுத்த செட்டப்புக்கு அவர்கள் விளக்கு மாற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் இப்போதெல்லாம் அவர்களுக்குத் தனிப் பந்தி போட்டு, டிரைவருக்கு இருபது நிமிடத் தூக்கத்தையும் அட்டவணையிலேயே எழுதிவிடுகிறேன்.

களைப்பு செட்டில் தெரிந்துவிடும். கிளாப் போர்டில் டேக் எண் தப்பாக விழுந்தது. ஃபோகஸ் பார்ப்பவர், சரியாக வந்த ஷாட்டுக்கே ஒன்ஸ் மோர் கேட்டார். லைட்மேன் ஒருவர் கையுறை இல்லாமல் சூடான விளக்கைத் தொடப் போனார். மூன்றாவதைப் பார்த்ததும் இயக்குநரிடம் போனேன்.

கணக்கு எளிது. கடைசி ஷாட் ஒன்பதுக்கு முடிந்தாலும் விளக்கிறக்கி, கேபிள் சுற்றி, வண்டியில் ஏற்றப் பத்தரை ஆகும். அங்கிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரம். டிரைவர் ஸ்டியரிங்கை விடும்போது நடு இரவு ஒன்றரை, விழித்து இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல். இயக்குநர் காரில் ஏறித் தூங்கிவிடுவார். மற்றவர்களுக்கு பேக்கப் என்பது வேலையின் இன்னொரு பகுதி.

இரண்டு ஷாட்டை ஒன்றாக்கி எடுத்துவிட்டு, பேக்கப் சொன்னார்கள். மூன்றாவது மறுநாளைக்கு. இரவு அங்கேயே தங்கினோம். அறை வாடகைக்குத் தயாரிப்பாளர் முகம் சுளித்தார். இப்போது பட்ஜெட் போடும்போதே, விடியற்காலை ஷாட் இருந்தால் மறுநாளைக்கும் அறையைச் சேர்த்துவிடுகிறேன், பிறகு கேட்டால் கிடைக்காது.