சொல்லுக்கு 45 காசு

ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை அது. மூலத்தில் 18,400 சொற்கள், சொல்லுக்கு ரூ. 1.50, மொத்தம் ரூ. 27,600 என்று சென்னையிலுள்ள ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் பணி ஆணை அனுப்பியிருந்தது. மூன்று தவணைகளாகக் கோப்புகளை ஒப்படைத்தேன். கடைசித் தவணை சென்று 26 நாட்கள் கழித்து, ‘திருத்திய பணி ஆணை’ என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் சராசரி விலை சொல்லுக்கு ரூ. 1.05 ஆகவும் தொகை ரூ. 19,320 ஆகவும் இருந்தன. அதன்படி விலைப்பட்டியலை மாற்றி அனுப்பினால் அந்த வாரமே பணம் வந்துவிடும் என்றும் ஒருங்கிணைப்பாளர் அன்பாக எழுதியிருந்தார்.

குறைப்புக்குக் காரணமாக ஒரு பொருத்த அறிக்கையை இணைத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பு மென்பொருள், ஏற்கெனவே மொழிபெயர்த்த வாக்கியங்களை ‘நினைவகம்’ என்னும் கோப்பில் சேமித்து வைக்கும். புதிய மூலத்தின் வாக்கியம் அதில் அப்படியே இருந்தால் அதை முழுப் பொருத்தம் என்று கணக்கிடும். அத்தகைய சொற்களுக்குக் குறைந்த விலை தருவது இத்தொழிலில் உள்ள வழக்கந்தான். வேலை தொடங்குமுன் சொன்னால் நானும் ஒப்புக்கொள்வதுண்டு. ஆனால் எனக்கு நினைவகம் எதையும் அவர்கள் அனுப்பவில்லை. தள்ளுபடி பற்றிப் பணி ஆணையில் ஒரு வரியும் இல்லை.

அறிக்கையில் 7,360 சொற்கள் முழுப் பொருத்தம் என்றும், அவற்றுக்குக் கால் பங்கு விலையே உண்டு என்றும் இருந்தது. அந்த எண்ணை எங்கோ பார்த்த நினைவு. பழைய மின்னஞ்சல்களைப் புரட்டியபோது தெரிந்தது: என் முதல் தவணைக் கோப்பின் சொல் எண்ணிக்கையே 7,360. நான் ஒப்படைத்ததைத் தங்கள் நினைவகத்தில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு அதே மூலத்தை அதே நினைவகத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். பொருந்தாமல் எப்படி இருக்கும்?

உறுதி செய்துகொள்ள அந்த நினைவகக் கோப்பைக் கேட்டேன், அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்தோடும் அதை உருவாக்கியவரின் பயனர் பெயரும் தேதியும் பதிவாகியிருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலும். தவணை கட்டத் தவறியவருக்குத் தரப்படும் கூடுதல் நாட்களைக் ‘கருணைக் காலம்’ என்பதா, ‘சலுகைக் காலம்’ என்பதா என்று அரைநாள் யோசித்து இரண்டாவதைத் தேர்ந்திருந்தேன். அந்த வாக்கியத்தின் அருகில் என் பெயரும், நான் கோப்பை அனுப்பியதற்கு முந்தைய இரவின் தேதியும் இருந்தன.

முதலில் எழுதிய கடிதம் இரண்டு பக்கம் நீண்டது. உழைப்பு, தூக்கம், துரோகம் எல்லாம் அதில் இருந்தன. அதை அனுப்பவில்லை. அனுப்பியதன் நடுப்பகுதி இது:

“ரூ. 1.50 என்ற விலையை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே பணி தொடங்கியது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பின் இசைவும் வேண்டும். திருத்திய ஆணைக்கு நான் இசையவில்லை. தாங்கள் முழுப் பொருத்தம் எனக் காட்டிய 7,360 சொற்களும் நான் இந்தப் பணிக்காக மொழிபெயர்த்து ஒப்படைத்தவை என்பதை, தாங்கள் அனுப்பிய நினைவகத்தின் பயனர் பெயரும் தேதியும் காட்டுகின்றன. ஆகவே கழிக்கப்பட்ட ரூ. 8,280 உட்பட ரூ. 27,600க்கான என் முதல் விலைப்பட்டியலே நிலுவையில் உள்ளது.”

விலைப்பட்டியலை மாற்றித் தர மறுத்ததற்கு வீம்பு காரணமல்ல. அதே சட்டத்தின் 63ஆம் பிரிவு, வரவேண்டியதைவிடக் குறைந்த தொகையை முழுத் தீர்வாக ஒருவர் ஏற்க இடமளிக்கிறது. அப்படி ஏற்றுவிட்டால் மீதியைப் பின்னர் கேட்பது கடினம். ‘இப்போது கிடைப்பதை வாங்கிக்கொள்வோம், மிச்சத்தைப் பிறகு பேசுவோம்’ என்று என்னைப் போன்றவர்கள் வழுக்குவது இங்கேதான்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில், சிறு தொழில் செய்வோருக்கு அரசு தரும் உத்யம் பதிவின் எண்ணைக் குறிப்பிட்டேன். இந்த வேலைக்கு முன்பே பதிவு செய்திருந்தது நல்லதாயிற்று. வேலை முடிந்த பிறகு செய்யும் பதிவு அந்த வேலைக்கு உதவும் என்று நம்பியிருக்க முடியாது. 2006ஆம் ஆண்டுச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்படைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் பணி ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். அவர்களோ 26 நாட்கள் மௌனமாக இருந்தவர்கள். பிறகும் தரத்தைக் குறை சொல்லவில்லை. பணம் தர 45 நாட்களுக்கு மேல் கெடு வைத்துக்கொள்ளவும் முடியாது. தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். இதை மிரட்டலாக அல்லாமல் தகவலாக எழுதினேன். எப்படிப் படித்தார்களோ தெரியாது.

ஒன்பதாம் நாள், வரிப்பிடித்தம் போக முழுத் தொகையும் கணக்கில் ஏறியது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே நிறுவனத்திடமிருந்து வந்த பணி ஆணையில், ‘நினைவகப் பொருத்தங்களுக்குத் தள்ளுபடி உண்டு’ என்று புதிதாக ஒரு வரி இருந்தது. ‘பணி தொடங்குமுன் அனுப்பப்படும்’ என்ற சொற்களை ‘நினைவக’த்துக்கு முன்னால் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் கையெழுத்தாகி வரவில்லை. கோப்பைத் திறக்காமல் வைத்திருக்கிறேன்.